வில்லன் பக்கத்துக் கணக்கு: குறும்பட ஸ்கிரிப்டில் எதிராளிக்கு நம்பும்படியான காரணம் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் குறும்படம் எடுக்கும் நண்பர்கள் தங்கள் ஸ்கிரிப்டை வாசிக்கக் கொடுப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வில்லனிடம் வந்து நிற்கும். ஹீரோவுக்கு எல்லாம் எழுதியிருப்பார்கள். எதிரே நிற்பவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று கேட்டால் பதில் இருக்காது. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

உதாரணத்துக்கு ஒரே கதையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். "எடை" என்று பெயர் வைத்துக்கொள்வோம். பத்துப் பக்கம், பத்து நிமிடம். பள்ளப்பட்டி பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை, சனிக்கிழமை சாயங்காலம். பற்றவைக்கும் வேலை செய்கிற செல்வி வாரக் கூலி கேட்கிறாள். பட்டறைக்காரர் கந்தசாமி தர மறுக்கிறார். கதை அவ்வளவுதான்.

வில்லனுக்கு எதுக்குங்க காரணம்? கெட்டவன்னு காட்டினா பத்தாதா?

முழுநீளப் படத்தில் சில சமயம் போதும். எம்.என்.நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாலே அரங்கம் புரிந்துகொண்டது. அவரைச் சுற்றி இரண்டரை மணி நேரக் கதையும் பாட்டும் சண்டையும் இருந்தன. பத்து நிமிடப் படத்தில் மோதல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதில் ஒரு பக்கம் வெறும் கெட்ட எண்ணமாக இருந்தால், பார்ப்பவருக்கு இரண்டாவது நிமிடமே முடிவு தெரிந்துவிடும். மீதி எட்டு நிமிடம் ஹீரோ ஜெயிப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

"எடை"யின் முதல் வடிவத்தில் கந்தசாமி அப்படித்தான் இருந்தார். மேசையில் பணத்தை எண்ணுகிறார், பீடி பிடிக்கிறார், பெண்களைத் திட்டுகிறார், செல்வி கூலி கேட்டதும் சிரிக்கிறார். வாசித்த எல்லோருக்கும் செல்வி மேல் இரக்கம் வந்தது. ஆனால் ஒருவருக்கும் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு வரவில்லை. கந்தசாமி பணம் தராததற்கு அவர் கெட்டவர் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அதனால் செல்வி என்ன பேசினாலும், என்ன செய்தாலும் அவருக்குள் எதுவும் அசையாது. அசையாத ஆளோடு நாடகம் நடத்த முடியாது.

காரணம்னா எது? ஆசையா, கோபமா, பழிவாங்கலா?

பேராசை, பொறாமை, கோபம் என்பதெல்லாம் குணத்தின் பெயர்கள். அதை வைத்து ஒரு காட்சியும் எழுத முடியாது. நான் கேட்பது மூன்று விஷயம்: இன்றைக்கு இவர் எதை இழக்கப் போகிறார்? எத்தனை மணிக்குள்? யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்பது தானாக வந்துவிடும்.

கந்தசாமிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி பெரும்பாலும் பட்டறைக்காரருடையது இல்லை. செவ்வாய்ப்பேட்டை வியாபாரி எடை போட்டு வெள்ளியைக் கொடுப்பார். வேலை முடிந்ததும் அதே எடைக்குக் கொலுசாகத் திருப்பித் தர வேண்டும். உருக்கும்போதும் அராவும்போதும் போகிற சேதாரத்துக்கு இவ்வளவு என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் குறைந்தால் பட்டறைக்காரர் கைக்காசு.

நம் கதையில் வியாபாரி கொடுத்தது 3 கிலோ. பேசிய சேதாரம் 30 கிராம். சனிக்கிழமை சாயங்காலம் தராசில் கொலுசு 2 கிலோ 890 கிராம் காட்டுகிறது. ஆக 80 கிராம் குறைகிறது. ஞாயிறு காலை 8 மணிக்கு வியாபாரி சரக்கெடுக்க வருகிறார். இரண்டு மாதத்துக்கு முன்னாலும் ஒருமுறை குறைந்திருக்கிறது. இன்னொரு தடவை குறைந்தால் அடுத்த வெள்ளி வேறு பட்டறைக்குப் போய்விடும். கந்தசாமி பயப்படுவது 80 கிராம் வெள்ளிக்காக இல்லை. பத்திரமோ ஜாமீனோ இல்லாமல் பேச்சை நம்பி வீட்டுக்கு வருகிற வெள்ளி நின்றுபோகும் என்பதற்காக.

இப்போது அவர் என்ன செய்வார்? ஆறு பேருடைய வாரக் கூலியைக் கூட்டினால் ஏறக்குறைய அந்த 80 கிராமின் விலை வருகிறது. ராத்திரி 9 மணிக்குக் கடை அடைப்பதற்குள் வெள்ளி வாங்கிவிட்டால் எடையைச் சரிக்கட்டிவிடலாம். அதனால் கூலியைப் பிடித்து வைக்கிறார். செய்கிற காரியம் முதல் வடிவத்தில் இருந்த அதே காரியம்தான். ஆள் வேறு ஆளாகிவிட்டார்.

சின்ன வயசுல கஷ்டப்பட்டார்னு ஒரு ஃப்ளாஷ்பேக் வெச்சா காரணம் வந்துடும் இல்லையா?

வராது. சின்ன வயதில் பசியோடு வளர்ந்தவர்களில் ஒருவர் கருமியாகிறார், ஒருவர் தானம் செய்கிறார். பழைய துன்பம் ஒருவரின் சுபாவத்துக்கு விளக்கம் தரலாம். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏன் இதைச் செய்தார் என்பதை அது சொல்லாது. பத்துப் பக்கத்தில் ஒன்றரைப் பக்கத்தை அதற்குக் கொடுப்பது அதிகம்.

அப்போ பத்து பக்கத்துல அவரோட காரணத்தை எங்க சொல்றது? வசனத்துல சொன்னா லெக்சர் மாதிரி ஆகுதே.

மோதல் தொடங்கும் முன்பே காட்டிவிட வேண்டும், அதுவும் ஒரு வேலையாக. செல்வி கூலி கேட்ட பிறகு கந்தசாமி "எனக்கு எடை குறையுதும்மா" என்றால் அது சாக்கு மாதிரிக் கேட்கும். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் தவிப்பதைப் பார்வையாளர் பார்த்திருந்தால், அதே வரி உண்மையாகக் கேட்கும். இரண்டாம் வடிவத்தின் முதல் காட்சி இது:

*உள் – பட்டறை – மாலை*

*எல்லோரும் டீ குடிக்க வெளியே போயிருக்கிறார்கள். கந்தசாமி தராசில் கொலுசுக் குவியலை வைக்கிறார். எண்ணைப் பார்க்கிறார். எடுத்துவிட்டு, தராசுத் தட்டைத் துண்டால் துடைத்து, மறுபடி வைக்கிறார். அதே எண்.*

*துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்குகிறார். பலகையை நகர்த்தி அதன் அடியில் பெருக்குகிறார். தரை இடுக்கில் ஏதோ மின்னுகிறது. விரல் நுனியை எச்சில் தொட்டு அதை ஒற்றி எடுக்கிறார். தட்டில் தட்டிவிடுகிறார். எண் மாறவில்லை.*

*வெளியே சிரிப்புச் சத்தம் நெருங்குகிறது. துடைப்பத்தைச் சட்டென்று மூலையில் சாத்துகிறார்.*

இதில் வசனமே கிடையாது. ஒரு பக்கத்துக்கும் குறைவு. ஆனால் எடை குறைகிறது, அது அவரை வாட்டுகிறது, அதை வேலையாட்களிடம் சொல்ல விரும்பவில்லை என்ற மூன்றும் வந்துவிட்டன. வியாபாரி நாளை காலை வருகிறார் என்பதை இரண்டாவது பக்கத்தில் ஒரு போன் பேச்சில் போட்டுக்கொள்ளலாம். "எட்டு மணிக்குத்தானே, ரெடியா இருக்கும்ங்க" என்று அவர் பொய் சொன்னால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிக் காட்சிக்குத் தொழிலை அருகே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பட்டறைக் குப்பையில் வெள்ளித் துகள் இருக்கும், அதைச் சேர்த்து வைத்து உருக்கி எடுப்பார்கள் என்று தெரியாதவர், கந்தசாமியைத் தலையில் கைவைத்து உட்கார வைத்துவிடுவார். தலையில் கைவைத்து உட்காருவதை எந்தக் கதையிலும் எந்த ஆளும் செய்யலாம்.

ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தா, பாக்கறவங்க யார் பக்கம் நிப்பாங்க?

செல்வி பக்கம்தான். படம் அவளோடுதான் நடக்கிறது, கேட்பதும் அவள் உழைத்த காசு. கந்தசாமிக்குக் காரணம் வைப்பது பார்வையாளரை நடுவில் நிறுத்த இல்லை. செல்வி ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கும்போதே, அதற்கு இன்னொருவர் கொடுக்கப் போகிற விலையும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

இரண்டு பக்கத்தையும் ஒரே தரையில் நிறுத்த ஒரு வழி இருக்கிறது: இருவருக்கும் வேண்டியது ஒரே பொருளாக இருக்கட்டும், அதை இழந்தால் படுகிற பாடும் ஒரே சாயலில் இருக்கட்டும். "எடை"யில் பொருள் அந்த மேசை டிராயரில் இருக்கிற பணம். செல்விக்கு அது எதற்கு? முதல் வடிவத்தில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றிருந்தது. அதை எடுத்துவிட்டோம். ஆபரேஷன் எதிரில் வந்தால் கந்தசாமியின் 80 கிராம் ஒன்றுமில்லாமல் போய்விடும். அதன்பின் அவர் பணத்தைப் பிடித்து வைத்தால் அரக்கன்தான்.

இப்போது ஞாயிறு காலை மகளிர் குழுத் தவணை. செல்வி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் அவளுக்காகக் கட்ட வேண்டும். போன மாதம் ஒருத்தி கட்டாதபோது எல்லோரும் எப்படிப் பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளும் சேர்ந்து பேசியிருக்கிறாள். ஆக இருவரும் வாழ்வது அடுத்தவர் வைத்த நம்பிக்கையில். இருவருக்கும் கெடு ஞாயிறு காலை. பணம் ஒன்று. இதற்கு மேல் ஆசிரியர் கையைப் பிடித்துத் தள்ளவே தேவையில்லை, காட்சி தானே ஓடும்.

வில்லன் மேல பரிதாபம் வந்துட்டா அவன் பலவீனமாயிட மாட்டானா?

காரணம் கொடுத்துவிட்டு அவர் செய்கிற காரியத்தையும் மென்மையாக்கினால் அப்படி ஆகும். இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கந்தசாமிக்கு எடைக் கவலை வைத்ததும், அவர் குரலும் தணிந்து, "மன்னிச்சுக்கோம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறார். மோதல் அங்கேயே படுத்துவிடும்.

காரணம் வலுவானால் செயலும் கடுமையாக வேண்டும். பயந்த ஆள் பயமில்லாத ஆளைவிட ஆபத்தானவர். இரண்டாம் வடிவத்தில் கந்தசாமி கதவைச் சாத்துகிறார். "பையைக் கொட்டிக் காமிங்க எல்லாரும்" என்கிறார். பதினொரு வருடமாக வேலை செய்கிற செல்வியிடமும் சொல்கிறார். முதல் வடிவத்தில் சிரித்த கந்தசாமியைவிட இது பல மடங்கு வலிக்கிறது. செய்வது அக்கிரமம் என்று அவருக்கும் தெரிகிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதிலேயே அது தெரியும்.

'மோதல் நியாயமா இருக்கணும்'னு சொல்றீங்க. எதை வெச்சு நியாயம்னு சொல்றது?

இங்கே நியாயம் என்பது இரண்டு பேரும் நல்லவர்கள் என்பதில்லை. எழுதுகிறவர் ஒரு பக்கத்துக்காகத் திருட்டு ஆட்டம் ஆடக்கூடாது என்பதுதான். அதைப் பார்க்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: இவருக்கு இதைவிடச் சின்னத் தீங்கில் முடிகிற வழி ஒன்று இருந்ததா? இருந்தால் ஏன் எடுக்கவில்லை?

கந்தசாமிக்கு அப்படிப்பட்ட வழிகள் உண்டு. முதலாவது, வியாபாரியிடம் உண்மையைச் சொல்வது. ஏற்கெனவே ஒருமுறை குறைந்ததால் அது அடைபட்டிருக்கிறது. அதற்காகத்தான் அந்தப் பழைய குறைவைக் கதையில் வைத்தோம். இரண்டாவது, பெருக்கிய குப்பையை உருக்கிப் பார்ப்பது. அதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று உருக்கிச் சுத்தம் செய்தால்தான் தெரியும், அதற்கு இந்த ராத்திரி போதாது. செல்வி இந்த வழியைச் சொல்ல வேண்டும், கந்தசாமி நேரம் இல்லை என்று மறுக்க வேண்டும். பார்வையாளர் மனதில் தோன்றுகிற வழியைக் கதையில் யாராவது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், "ஏன் அவர் இதைச் செய்யலாமே" என்று உட்கார்ந்திருப்பவர் யோசிக்க ஆரம்பிப்பார், அப்புறம் படத்துக்குள் வரமாட்டார்.

மூன்றாவது வழி, யாரிடமாவது கடன் வாங்குவது. இதற்கு முதலில் பதில் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கப் போனபோதுதான் கதை இன்னும் ஆழமானது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அவர் சொல்ற காரணம் ஒண்ணு, உண்மையான காரணம் ஒண்ணுன்னு வைக்கலாமா? குழப்பிடாதா?

வைக்கலாம். நல்ல எதிராளிகளில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும். வெளியே சொல்கிற காரணமும் பொய்யாக இருக்கக் கூடாது. அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை.

80 கிராம் எங்கே போனது? முதலில் யாரோ திருடியதாக இருந்தது. திருடன் ஒருவன் இருந்தால் அவனைக் கண்டுபிடித்ததும் செல்வியும் கந்தசாமியும் ஒரே பக்கம் வந்துவிடுவார்கள், மோதல் கரைந்துவிடும். ஆகவே யாரும் திருடவில்லை என்று மாற்றினோம். வியாபாரி புது டிசைன் கொடுத்திருக்கிறார். மெல்லிசு வேலை, பற்றவைக்கிற இடங்கள் பழையதைவிட அதிகம். பற்றவைத்த ஒவ்வொரு இடத்தையும் அராவி வழவழப்பாக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி போகிறது. ஆனால் சேதாரக் கணக்கு மட்டும் பழைய டிசைனுக்குப் பேசிய அதே கணக்கு. கந்தசாமி அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுத்திருந்தால் வேலை வேறு பட்டறைக்குப் போயிருக்கும்.

இது செல்விக்குத் தெரியும். பற்றவைப்பது அவள்தானே. "இந்த டிசைனுக்கு முப்பது கிராம் பத்தாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல அண்ணா" என்கிறாள். அந்த வரியில் கந்தசாமியின் உள்காரணம் வெளியே வருகிறது. எல்லோர் பையையும் சோதித்தது வெள்ளிக்காக மட்டும் இல்லை. திருட்டு என்று ஆகிவிட்டால், தான் பேசிய பேச்சு தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கடன் கேட்கப் போனால் எதற்கு என்று சொல்ல வேண்டும், அங்கேயும் இதே அவமானம். மூன்றாவது வழி இப்படி அடைபட்டது.

குழப்பம் வராமல் இருக்க ஒரு வரிசை இருக்கிறது. வெளிக்காரணம் முதல் இரண்டு பக்கத்தில் முழுக்கத் தெரிந்துவிட வேண்டும். உள்காரணம் ஏழாவது, எட்டாவது பக்கத்தில் ஒருமுறை தெரிந்தால் போதும், அதுவும் எதிரே நிற்பவர் வாயால் வந்தால் நல்லது. கந்தசாமியே தன் உள்காரணத்தை எடுத்துச் சொன்னால், அவ்வளவு தெளிவாகத் தன்னைத் தெரிந்த ஆள் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டாரே என்று தோன்றிவிடும்.

நெஜத்துல காரணமே இல்லாம கெடுதல் பண்றவங்க இருக்காங்களே. அவங்களுக்கும் காரணம் வைக்கணுமா?

நமக்கே ஒரு பழைய பாடம் இருக்கிறது, அதுவும் கொலுசுக்குப் பக்கத்துப் பொருளில். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனைச் சாதாரணமாக ஈவு இரக்கமில்லாத வஞ்சகன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அவன் கோவலனை மாட்டிவிடுவதற்குச் சரியான காரணம் இருக்கிறது. அரசியின் சிலம்பை அவனே திருடி வைத்திருக்கிறான். அது வெளிப்படும் முன்னால், அதைப் போலவே ஒரு சிலம்போடு ஊர் பேர் தெரியாத ஒருவன் எதிரே வந்து நிற்கிறான். நான் கேட்கச் சொன்ன மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது: உயிரை இழப்பான், விஷயம் வெளியே வருவதற்குள், அரசனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் மேல் நமக்கு இரக்கம் துளியும் வருவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் அவன் ஏன் செய்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது பாண்டியனுக்கு வைத்த காரணம். அவன் கொடுங்கோலன் இல்லை. ஊடல் கொண்டுபோன அரசியைச் சமாதானம் செய்ய அந்தப்புரத்துக்குப் போகிற வழியில் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். அந்த அவசரத்தில் விசாரிக்காமல் ஆணையிட்டுவிடுகிறான். காரணம் எவ்வளவு சின்னது பாருங்கள்! மனைவியின் கோபம். அந்தச் சின்னக் காரணம் மனிதனுக்குரியதாக இருப்பதால்தான், சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்ததும் "யானோ அரசன் யானே கள்வன்" என்று அவன் விழுவது நமக்கு உறைக்கிறது. காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அந்த ஆளுக்குப் போதுமானதாக இருந்தால் சரி.

என் கதையில வில்லன் ஒரு ஆளே இல்ல, எஸ்டேட் நிர்வாகம். அதுக்கு எப்படிக் காரணம் வைக்கறது?

நிர்வாகத்தைப் படம் பிடிக்க முடியாது. செல்வியின் எதிரே கந்தசாமி நிற்கிற மாதிரி, தொழிலாளியின் எதிரே ஒருவர் நிற்க வேண்டும். ஏற்காட்டுக் காபித் தோட்டக் கதை என்றால், சாயங்காலம் சாக்கை எடை போடுகிற மேஸ்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்த பழத்துக்கு எடை பார்த்துக் கூலி என்றால், பறிக்கிறவர் கைக்கு வேகம் வேண்டும். வேகமாக உருவினால் சிவப்புப் பழத்தோடு பச்சைக் காயும் சேர்ந்து வரும். பச்சைக் காய் கலந்தால் காபியின் தரம் கெடும். அதற்கு மேலே இருப்பவர் மேஸ்திரியைத்தான் கேட்பார். அவர் சாக்கைக் கொட்டிப் பச்சையைப் பொறுக்கச் சொல்கிறார், இருட்டிக்கொண்டு வருகிறது, கீழே ஊருக்குப் போகிற பஸ் நேரமாகிவிட்டது. நிர்வாகம் திரையில் வரவே இல்லை, அதன் அழுத்தம் மேஸ்திரியின் கையில் இருக்கிறது.

இந்த வகைக் கதையில் மேஸ்திரி வெறும் தூதராக ஆகிவிடும் ஆபத்து உண்டு. "மேல இருந்து ஆர்டர்" என்று சொல்லித் தப்பிக்க விடாதீர்கள். அவருக்கென்று அந்தச் சாக்கில் இழக்க ஒன்று இருக்கட்டும்.

சாதி பார்த்து மகளை அடைக்கிற அப்பாவைப் பத்தி எழுதறேன். அவருக்குக் காரணம் குடுத்தா நான் அதை நியாயப்படுத்தற மாதிரி ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சரியான இடத்தில் பயப்படுகிறார்கள். காரணம் தெரிவது வேறு, காரியம் சரி என்று ஆவது வேறு என்று சொல்வது சுலபம். திரையில் அந்த வித்தியாசம் தானாக வராது, நாம்தான் வைக்க வேண்டும். காதலையும் சாதியையும் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் உத்திப் பிரச்சினையும் இல்லை. உயிர் போன கதைகள் நம் ஊர்ப் பக்கமே இருக்கின்றன.

நான் பார்ப்பது இரண்டு விஷயம். அப்பாவின் காரணம் திரையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, அவர் செய்ததன் விளைவு எவ்வளவு நேரம் இருக்கிறது? அவருடைய பயத்துக்கு மூன்று காட்சி, பூட்டிய அறைக்குள் மகளுக்கு அரைக் காட்சி என்றால், எழுதியவர் என்ன நினைத்திருந்தாலும் படம் அப்பா பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்தது, அவருடைய காரணத்துக்குக் கதைக்குள்ளேயே யாராவது பதில் சொல்கிறார்களா? "ஊர் என்ன சொல்லும்" என்று அவர் சொன்னால், "ஊர் வந்து என்னை வளர்க்கலையேப்பா" என்று மகள் சொல்லட்டும். அந்தப் பதில் அவருக்கு உறைக்காமல் போகலாம், நமக்குக் கேட்க வேண்டும்.

இங்கே காரணத்தைச் சாதியின் பெருமையில் தேடாதீர்கள், அது குணத்தின் பெயர் மாதிரிதான். அவர் நாளைக்கு யார் முகத்தில் விழிக்க வேண்டும், எந்தத் திண்ணையில் இடம் போகும், எந்தப் பங்காளி பேச மாட்டான் என்று எழுதுங்கள். அப்போது அவர் மகளைவிட அந்தத் திண்ணையைப் பெரிதாக நினைத்தார் என்பது அப்பட்டமாகத் தெரியும். காரணம் துல்லியமாக இருந்தால் அதுவே அவரைக் குற்றவாளியாக நிறுத்தும்.

கடைசியில வில்லன் திருந்தணுமா? செல்வி தன் கால் கொலுசையே கழட்டித் தராசுல வைக்கிற மாதிரி முடிச்சா நல்லா இருக்கும்ல?

அந்த முடிவை நிறையப் பேர் சொன்னார்கள், காட்சியாகக் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு செல்வி தெய்வமாகிவிடுவாள், அதை எடுத்துக்கொண்டால் கந்தசாமி அற்பனாகிவிடுவார், எடுக்காவிட்டால் ஒரே நொடியில் திருந்தியவராகிவிடுவார். ஒன்பது பக்கம் கட்டிய கணக்கு மூன்று வழியிலும் உடைகிறது. அவளுக்குக் கூலி வர வேண்டும் என்பதும் மறந்துபோகும்.

காரணம் தீராமல் ஆள் திருந்தக் கூடாது. கந்தசாமியின் கெடு நாளை காலை 8 மணி. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்டது இது: செல்வி, "நாளைக்கு இந்த டிசைனுக்கு நூறு கிராம் சேதாரம்னு அவர்கிட்ட கேளுங்க. பத்தவெச்சது நான்தான்னு நானே வந்து சொல்றேன்" என்கிறாள். கந்தசாமி பதில் சொல்லவில்லை. டிராயரைத் திறந்து அவள் கூலியில் பாதியை எண்ணி வைக்கிறார். மீதியை நோட்டில் எழுதுகிறார். அவள் நோட்டைத் திருப்பி, எழுதிய தொகை சரியா என்று பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடுங்க அண்ணா" என்கிறாள். போடுகிறார். அவளுக்குத் தவணை முழுசாகத் தேறவில்லை, அவருக்கு எடை முழுசாகத் தேறவில்லை. இருவரும் ஏதோ விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், யாரும் குணம் மாறவில்லை.

எழுதி முடிச்சாச்சு. சரியா வந்திருக்கான்னு எப்படிச் சோதிக்கறது?

ஸ்கிரிப்டை எதிராளியின் கண்ணில் ஒருமுறை அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், "நான்" என்று ஆரம்பித்து. "நான் கந்தசாமி. காலையில இருந்து தராசு அதே நம்பரைத்தான் காட்டுது..." என்று போகட்டும். எந்த இடத்தில் "நான் கெட்டவன், அதனால" என்று எழுத வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்தில் காரணம் ஓட்டையாக இருக்கிறது. "எடை"யின் முதல் வடிவத்தில் இது இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டது: செல்வி கேட்டதும் ஏன் சிரித்தார் என்று எழுத முடியவில்லை.

அப்புறம் கதை தெரியாத ஒருவருக்கு ஆறாவது பக்கம் வரை மட்டும் வாசித்துக் காட்டி நிறுத்திவிடுங்கள். இப்போது கந்தசாமி என்ன செய்வார் என்று கேளுங்கள். "தெரியல, அவர் என்ன வேணா செய்வார்" என்றால் காரணம் இன்னும் போய்ச் சேரவில்லை. "கொடுத்துடுவார்" என்று உடனே சொன்னால் அழுத்தம் போதவில்லை, கெடுவையோ இழப்பையோ கூட்ட வேண்டும். "கொடுக்க முடியாது... ஆனா குடுக்காம எப்படி" என்று இழுத்தால் எழுத்தைத் தொடாமல் நடிகரைத் தேடலாம். கந்தசாமியாக நடிப்பவரிடம் அந்த அரைப் பக்கத்தைக் கொடுங்கள். செல்வியாக நடிப்பவரிடம் காட்டாதீர்கள், அவர் அதைப் படப்பிடிப்பில் எதிரே நின்று கண்டுபிடிக்கட்டும்.